பொலிஸ் முறைப்பாட்டை இங்கிலிஷில் மாற்றும்போது சம்பவங்களை நேர ஒழுங்கில் அடுக்கி எழுதலாமா?

"அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் தமிழில் கொடுத்த முறைப்பாட்டை இங்கிலிஷில் மாற்றி லோயருக்கு அனுப்ப வேண்டும். அதில் நடந்தது எல்லாம் முன்னே பின்னே இருக்கிறது, நேரமும் குழப்பம். ஒழுங்குபடுத்தி எழுதினால் பிழையா?"

பிழைதான். அம்மா சொன்ன வரிசை எதுவோ, இங்கிலிஷிலும் அதுவே இருக்க வேண்டும். "வாசிக்கிறவருக்குப் புரிய வேண்டாமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். புரிய வைப்பது லோயரின் வேலை. நேர ஒழுங்கில் ஒரு பட்டியல் வேண்டுமென்றால் அதைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்ப்புக்குள் நுழைக்க வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள். கையில் இருக்கும் பிரதி உண்மையில் தமிழில் எழுதப்பட்டதா? மலையகத்தில் பல இடங்களில் அம்மா தமிழில் சொல்வார், எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதியிருப்பார். அப்படியானால் மூலம் அந்தச் சிங்களப் பிரதிதான். அம்மாவிடம் திரும்பக் கேட்டுத் தமிழில் எழுதி, அதை மாற்றுவது மொழிபெயர்ப்பே அல்ல, புது வாக்குமூலம்.

இனி தமிழ்ப் பிரதி என்றே வைத்துக்கொள்வோம். 16ஆம் திகதி 09.40 மணிக்குப் பதிந்த ஒரு முறைப்பாடு இப்படிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்:

"14ஆம் திகதி பின்னேரம் நிறுவை முடிந்து வரும்போது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அலுமாரியில் சங்கிலி இல்லை. காலையில் மகள் பாடசாலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுத்தான் போனாள். அன்று இரவு 1 மணிபோல எதிர் லயத்து ஆள் வந்து கத்தி, கதவைத் தட்டி, என் கணவரைத் தள்ளிவிட்டுப் போனார். நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

மகள் பூட்டியது காலையில், ஆனால் அம்மா அதை மூன்றாவதாகத்தான் சொல்கிறார். கை துறுதுறுக்கும், தூக்கி முதலில் போடச் சொல்லும். செய்யாதீர்கள். கதவு பூட்டியிருந்ததா என்று எழுதுகிறவர் இடையில் கேட்டிருக்கலாம். அந்தப் பதில் அந்த இடத்தில் நிற்பதற்கே ஓர் அர்த்தம் உண்டு. இங்கிலிஷில் 'ஹேட் லொக்ட்' என்று வினையைப் போட்டாலே அது முன்பு நடந்தது என்று விளங்கிவிடும், வாக்கியத்தை நகர்த்தத் தேவையில்லை.

பெரிய பொறி "அன்று இரவு 1 மணி". நம் பேச்சில் 14ஆம் திகதி இரவு என்றால் பொழுது விடியும் வரைக்கும் 14தான். கடிகாரப்படி அது 15ஆம் திகதி 01.00. அவசரத்தில் "14ஆம் திகதி 01.00" என்று மாற்றினால் தள்ளிய சம்பவம் சங்கிலி காணாமல் போவதற்கு முன்னால் போய் நிற்கும். திருட்டுப் பற்றிய சண்டை திருட்டுக்கு முன்பே நடந்ததாக ஆகிவிடும். எதிர்த்தரப்பு லோயர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்காக "15ஆம் திகதி 01.00" என்று நீங்களே திருத்தினாலும் அது உங்கள் தீர்ப்பு, அம்மாவின் சொல் அல்ல. 'அட் அபவுட் 1 ஓ க்ளொக் தட் நைட்' என்று சொன்னபடியே விடுங்கள். பேச்சுவழக்கில் இது அடுத்த திகதி அதிகாலையைக் குறிக்கலாம் என்று சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஒரு வரி போதும். சட்ட வைத்திய அறிக்கையில் வேறு நேரம் இருந்தாலும் அதைப் பார்த்து இதை மாற்றக்கூடாது. இரண்டும் இரண்டு ஆவணம்.

"மணிபோல", "மணியளவில்", "சுமார்" எல்லாவற்றுக்கும் 'அபவுட்' கட்டாயம். அதை விட்டால் அம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதாக ஆகிவிடும். "பின்னேரம்" என்பது மதியத்துக்குப் பிறகு இருட்டும் வரை நீளும் சொல். இங்கே நிறுவை என்ற அடையாளம் இருப்பதால் அதையே பிடித்துக்கொள்ளலாம்: பின்னேரத்தையும் விடாமல், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு என்று எழுதுங்கள். தோட்டத்தில் நிறுவை எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் 4.30 என்று போட வேண்டாம். "நேற்று" என்பதும் 'யெஸ்டர்டே'தான். பதிவுத் திகதி தலைப்பில் இருக்கிறது, 15 என்று வாசிக்கிறவர் கணக்கிட்டுக்கொள்வார். பொலிஸ் எழுதிய 09.40 மணி 24 மணி நேர முறை. அதைப் புள்ளியோடு அப்படியே வைத்து 'அவர்ஸ்' சேருங்கள். 12 மணி வந்தால் பகலா நடுநிசியா என்று சொல்லால் எழுதுங்கள், ஏ.எம்., பி.எம். போட்டால் ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்கள்.

அடுத்தது "வந்து, கத்தி, தட்டி, தள்ளிவிட்டு". தமிழில் இந்த வினையெச்சங்களின் வரிசையே நடந்த வரிசையாக நிற்கிறது. இங்கிலிஷில் அழகுக்காக "தட்டிக்கொண்டே கத்தினார்" என்ற பொருள் வரும்படி எழுதினால் இரண்டு செயல் ஒன்றாகிவிடும். நான்கு வினையையும் அதே வரிசையில், கமாவும் 'அண்ட்'டும் போட்டு எழுதுங்கள். 'இமிடியட்லி' மாதிரிச் சொற்களை மூலத்தில் "உடனே" இருந்தால் மட்டுமே சேர்க்கலாம். "வரும்போது" வழியில் வரும் நேரமா, வந்து சேர்ந்த நேரமா என்று தமிழில் திறந்தே கிடக்கிறது. 'வென் ஐ வாஸ் கமிங்' என்றால் வழியிலிருந்தே கதவைப் பார்த்தது போல ஆகும், 'வென் ஐ கேம்' அந்த அளவுக்கு இறுக்காது.

பெயர்களில் கை வைக்கவே வேண்டாம். இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோட்டத்து ஆட்களின் தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியவர்கள் யாரோ, அலைகிறவர்கள் இந்த மக்கள். "நீங்களே சரியாகப் போட்டுவிடுங்கள்" என்று கெஞ்சுவார்கள், பாவமாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பில் சரிபண்ணினால் நாலாவது விதம் ஒன்று உருவாகும், அவ்வளவுதான்.

முடிந்ததும் மூலத்தின் நகல் ஒன்றில் திகதி, மணி, பின்னேரம், காலை, அன்று, நேற்று எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு எண் போடுங்கள். மேலே உள்ளதில், பதிவு நேரத்தையும் சேர்த்து, எட்டு வரும்: 16, 09.40, 14, பின்னேரம், காலை, அன்று இரவு 1, நேற்று, கடைசிப் பின்னேரம். இங்கிலிஷிலும் அதே எட்டு, அதே வரிசையில் வர வேண்டும். ஏழு வந்தால் ஒன்றை விழுங்கிவிட்டீர்கள், ஒன்பது வந்தால் நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள். பிறகு வேறொருவர் தமிழைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் இங்கிலிஷில் விரல் வைத்துப் போங்கள்.

அப்போது அம்மா, "ஐயோ, 14 இல்லை, 13" என்று சொன்னால் மொழிபெயர்ப்பில் தொடவே கூடாது. அவர் கையொப்பமிட்டது 14க்குத்தான். திரும்ப அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுக்கட்டும். அதற்கென்று ஒரு திகதி, ஒரு நேரம் இருக்கும். அதைத் தனி ஆவணமாக மொழிபெயர்த்து, முதலாவதற்குப் பின்னால் இணையுங்கள்.