ரைஸ் கணக்கில் டார்க் மோட் முதலிடம் பிடித்தது எப்படி?

"அண்ணா, கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக நானும் நண்பனும் ஒரு ஆப் நடத்துகிறோம். பறித்த பச்சைத் தேயிலையின் எடையை அன்றன்று பதிந்து வைத்து, மாதக் கடைசியில் இலை வாங்கும் ஏஜென்ட் தரும் கணக்கோடு ஒப்பிடலாம். 2,300 பேர் இறக்கியிருக்கிறார்கள். கோரிக்கைகள் குவிந்துவிட்டதால், எதை முதலில் செய்வது என்று பார்க்க ரைஸ் முறையில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டோம். டார்க் மோடுக்கு 2,300 வந்தது, சிக்னல் இல்லாத இடத்தில் பதியும் வசதிக்கு வெறும் 7. எங்கே தப்பு செய்தோம்? ஷீட்டை இணைத்திருக்கிறேன்."

ஷீட்டைப் பார்த்தேன். சூத்திரம் சரிதான்:

```
=B2*C2*D2/E2
```

B எத்தனை பேரை எட்டும், C ஒரு ஆளுக்கு எவ்வளவு தாக்கம், D நமக்கு எவ்வளவு நிச்சயம், E எவ்வளவு உழைப்பு. இன்டர்காம் நிறுவனத்தில் ஷான் மெக்பிரைடும் அவர் குழுவும் உருவாக்கிய முறை இது, அதில் வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. தப்பு முக்கியமாக B பத்தியில்தான். டார்க் மோடுக்கு ஆப்பை இறக்கிய எல்லோரையும் எண்ணியிருக்கிறீர்கள், ஆஃப்லைன் பதிவுக்குப் பயனர் குழுவில் வாய் திறந்து கேட்ட 14 பேரை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஒரு மூட்டையைக் கிலோவிலும் இன்னொன்றைப் படியிலும் அளந்துவிட்டு எது கனம் என்று கேட்பது மாதிரி.

எட்டும் ஆட்கள் என்றால் கேட்டவர்களும் இல்லை, இறக்கியவர்களும் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த வசதி இருக்கும் இடத்தில் உண்மையில் கை வைக்கப்போகிறவர்கள். மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா வரிக்கும் அதே மூன்று மாதம். உங்கள் ஊரில் இதைக் கவனிக்காமல் விட முடியாது, ஏனென்றால் ஜனவரியில் உறைபனி அடித்து இலை குறைந்திருக்கும்போது எடுத்த எண்ணிக்கையும், கோடை மழைக்குப் பிறகு இலை ஏராளமாக வரும்போது எடுத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் பயன்பாட்டு எண்களின்படி அந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது ஆப்பைத் திறந்தவர்கள் 700 பேர். மிச்சம் 1,600 பேர் ஃபோனில் ஐகான் தூங்குகிறது. அவர்களுக்கு டார்க் மோட் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அதே பக்கத்தில் 'சேமிக்க முடியவில்லை' என்ற பிழை வந்த ஆட்கள் 280 பேர் என்று இருக்கிறது. கேட்டது 14, அடிபட்டது 280. குழுவில் வந்து எழுதுகிறவர் எப்போதும் ஒரு சிறு கூட்டம்தான், மற்றவர்கள் பேசாமல் பழைய துண்டுச்சீட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் வந்த பிழை உங்கள் சர்வருக்கு எப்படித் தெரியும்? ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் போன்ற கருவி என்றால் நிகழ்வை ஃபோனிலேயே வைத்திருந்து, இணையம் வந்ததும் அனுப்பிவிடும். நீங்களே எழுதிய சர்வர் லாக் என்றால் அந்தப் பிழை வந்து சேர்ந்தே இருக்காது, அப்போது 280 என்பதே குறைவான எண். எது என்று முதலில் பாருங்கள். நான் இங்கே 280-ஐயே வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

அடுத்தது தாக்கம். 3, 2, 1, 0.5, 0.25 என்ற ஐந்து படிகள்தான், மிகப் பெரியது 3, இருந்தும் இல்லாதது மாதிரி 0.25. ஆனால் எதன் மேல் தாக்கம் என்று முடிவு செய்யாமல் இந்த எண்ணைப் போட்டால் பிடித்ததற்கெல்லாம் 3 விழும். உங்கள் ஆப்புக்கு ஒரே இலக்கு போதும்: ஒருவர் பறித்த ஒவ்வொரு தடவையும் எடை பதிவாகிறதா? சாலையோரத்தில் கொக்கித் தராசில் மூட்டை தொங்குகிறது, மழை தூறுகிறது, சாக்குக்கு இவ்வளவு ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எண் பதிவாகவில்லை என்றால் மாதக் கடைசியில் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. ஆகவே ஆஃப்லைன் பதிவுக்கு 2 தரலாம். டார்க் மோட் யாரையும் கூடுதலாக ஒரு தடவைகூடப் பதிய வைக்காது, 0.25. நீங்கள் 1 போட்டிருந்தீர்கள்.

நிச்சயம் என்ற பத்திதான் பலரும் சும்மா நிரப்புவது. 100, 80, 50 சதவீதம் என மூன்றே படி. உங்கள் ஷீட்டில் எல்லாமே 100. நான் ஒருமுறை ஊட்டி கேரட் விவசாயிகளுக்காக ஒரு ஆப்பில் வேலை பார்த்தேன். மேட்டுப்பாளையம் மண்டி விலை வந்தவுடன் ஃபோனில் மணி அடிக்கும் வசதி, ஒன்பது பேரிடம் கேட்டோம், ஒன்பது பேரும் 'பிரமாதம் தம்பி' என்றார்கள், நானும் 100 போட்டேன். ஐந்து வாரம் உழைத்தோம், யாரும் தொடவில்லை. விலை தெரிய வரும்போது கழுவி மூட்டை கட்டிய கேரட் லாரி ஏறி மண்டிக்கே போய்ச் சேர்ந்திருக்கும், மணி அடித்து என்ன செய்வது? கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள், அது 50-க்கு மேல் போகாது. லாகில் எண்ணும் இருந்து நாலைந்து பேரோடு உட்கார்ந்து பார்த்தும் இருந்தால் 80. செய்து, சிலர் கையில் கொடுத்து, பயன்படுத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 100.

உழைப்பை இன்டர்காம் முறையில் ஆள்-மாதத்தில் போடுவார்கள். இரண்டு பேர் குழுவுக்கு ஆள்-வாரம் வசதி, எல்லா வரிக்கும் ஒரே அளவு என்றால் போதும். கோடு எழுதும் நேரம் மட்டும் உழைப்பு இல்லை: பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சோதிப்பது, வெளியிட்ட பிறகு ஒரு வாரம் ஃபோனில் பதில் சொல்வது எல்லாம் சேரும். இந்த எண் வகுக்கும் இடத்தில் இருப்பதால் 2 வார வேலைக்கு 1 என்று போட்டாலே மதிப்பெண் இரட்டிப்பாகிவிடும். டார்க் மோடில் இதுவும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு திரையிலும் நிறத்தைத் தொட வேண்டும், 2 வாரம் போடுங்கள்.

சரி, இப்போது கணக்கு. டார்க் மோட்: 700 பேர், 0.25, நிச்சயம் 50 சதவீதம், 2 வாரம், கிடைப்பது 44. ஆஃப்லைன் பதிவு: 280 பேர், 2, 80 சதவீதம், 8 வாரம், கிடைப்பது 56. எட்டு வாரமா என்று கேட்காதீர்கள், ஒரே பதிவை இரண்டு ஃபோனில் திருத்தினால் எது நிற்பது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். மாதக் கணக்கை பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதியை ஷீட்டின் கடைசியில் தள்ளியிருந்தீர்கள். மாதக் கணக்குத் திரையைத் திறக்கிறவர்கள் 450 பேர், தாக்கம் 1, நிச்சயம் 80, உழைப்பு 2 வாரம், மதிப்பெண் 180. சத்தமே போடாத கோரிக்கை மேலே வந்துவிட்டது.

56-க்கும் 44-க்கும் வித்தியாசம் இருக்கிறதா? இல்லை. ஆஃப்லைனுக்கு நிச்சயத்தை 50 ஆக்கினால் 35, டார்க் மோடுக்குக் கீழே போய்விடும். எல்லா எண்ணும் ஊகம் என்னும்போது ஒன்றரை மடங்குக்குள் இருப்பவற்றை ஒரே படியாகத்தான் பார்க்க வேண்டும், அதற்குள் எதை எடுப்பது என்பது உங்கள் முடிவு. அதை விட நல்ல வழி, பெரிய வேலையை அறுப்பது. சேமிக்க முடியாத பதிவை ஃபோனிலேயே வரிசையில் வைத்திருந்து சிக்னல் வந்ததும் அனுப்பு, அவ்வளவுதான். திருத்தவும் அழிக்கவும் இணையம் வேண்டும் என்று விட்டுவிடுங்கள். தாக்கம் 1 ஆகக் குறையும், உழைப்பு 3 வாரமாகிவிடும், மதிப்பெண் 75.

ஏஜென்டுகளுக்கும் ஆப்பில் லாகின் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வருவோம். மூன்று ஏஜென்டுகள் தினம் நச்சரிக்கிறார்கள் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 11 ஏஜென்டுகள்தானே, எட்டும் ஆட்கள் 11-ஆ, இல்லை அவர்களிடம் இலை போடுகிற விவசாயிகளா? இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். 11 பேர், தாக்கம் 3, நிச்சயம் 50, உழைப்பு 10 வாரம் என்றால் 1.65. பயன்படுத்துவேன் என்று சொன்ன நான்கு பேரின் விவசாயிகள் சுமார் 140, தாக்கம் 1, மற்றவை அதே என்றால் 7. எப்படிப் போட்டாலும் கீழேதான் இருக்கிறது, ஆகவே அந்த வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஷீட்டில் சேர்க்கவே கூடாத இரண்டு வரிகளைப் பார்த்தேன். ஒன்று, பிளே ஸ்டோர் கேட்கும் டார்கெட் ஏபிஐ அளவை உயர்த்துவது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கெடு அது, தவறினால் புதுப் பதிப்பையே ஏற்ற முடியாது, அதற்கு மதிப்பெண் எதற்கு? இன்னொன்று, சில ஃபோன்களில் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை டிக் காட்டிவிட்டுப் பதிவு காணாமல் போவது. அது கோரிக்கை இல்லை, பழுது. இந்த வாரமே சரி செய்யுங்கள். சொல்லப்போனால் அந்த 280 பேரில் எத்தனை பேருக்குப் பிழையே காட்டாமல் பொய் டிக் காட்டியது என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

பழுது முடிந்ததும் பிடிஎஃப், அப்புறம் ஆஃப்லைன் வரிசை. அதை வெளியிட்டு மூன்று மாதம் கழித்து அதே பிழை எத்தனை பேருக்கு வருகிறது என்று எடுத்து, இப்போது போட்ட 280-க்கும் 3 வாரத்துக்கும் பக்கத்தில் உண்மை எண்ணை எழுதி வையுங்கள். உழைப்பு 3 என்று போட்டு 6 வாரம் ஆகியிருந்தால், அடுத்த ஷீட்டில் உழைப்புப் பத்தி முழுவதையும் இரண்டால் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். அதனால் வரிசை மாறாது, ஆனால் எந்த மாதம் கொடுப்பீர்கள் என்று ஏஜென்ட் கேட்டால் சொல்ல ஒரு தேதியாவது இருக்கும்.