குளிசைப் பெட்டியில் இருக்கும் அந்தச் சின்னச் சதுரம்

கேள்வி: திருகோணமலை டவுனில் அம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்கினேன். பெட்டியில் காலாவதித் திகதி அழிந்துபோயிருக்கிறது. பக்கத்தில் கியூஆர் மாதிரி ஒரு சின்னச் சதுரம். போன் கமரா அதை வாசிக்கவில்லை. போட்டோ அனுப்பியிருக்கிறேன். அதற்குள் திகதி இருக்குமா? மருந்து அசலா என்று அதை வைத்துச் சொல்லலாமா?
– உப்புவெளி வாசகி

பதில்: இது கியூஆர் இல்லை, டேட்டா மேட்ரிக்ஸ். கியூஆர் என்றால் மூன்று மூலைகளில் கட்டத்துக்குள் கட்டமாகப் பெரிய சதுரங்கள் இருக்கும். உங்கள் போட்டோவில் அவை இல்லை. இடது ஓரமும் கீழ் ஓரமும் சேர்ந்து 'L' மாதிரி முழுக் கறுப்புக் கோடு, மற்ற இரண்டு ஓரங்களும் கறுப்பு வெள்ளையாக விட்டுவிட்டு வருகின்றன. சில போன் கமராக்களுக்கு இதை வாசிக்கத் தெரியாது. டேட்டா மேட்ரிக்ஸ் வாசிக்கும் ஸ்கேனர் அப் ஒன்று போதும்.

மருந்துப் பெட்டியில் இது பெரும்பாலும் இணைய முகவரியைத் திறக்காது. இப்படி ஒரு நீள வரியைத்தான் காட்டும் (எண்கள் உதாரணத்துக்கு):

```
01089012345678901728010010K2417
```

முதல் 01 வந்தால் அடுத்த 14 இலக்கமும் பொருளின் எண். 17 வந்தால் அடுத்த ஆறும் காலாவதி: வருடம், மாதம், நாள். இங்கே 280100, அதாவது 2028 ஜனவரி. நாள் 00 என்றால் பிழையில்லை, அந்த மாதக் கடைசி நாள் என்று அர்த்தம். பிறகு 10, அதன்பின் வருவது தொகுதி இலக்கம், K2417. தொகுதி இலக்கத்துக்கு நிலையான நீளம் கிடையாது, அதனால் அது பெரும்பாலும் கடைசியில் வரும். பொருளின் எண்ணுக்குள்ளோ, இங்கே போலத் தொகுதி இலக்கத்துக்குள்ளோ 17 வரலாம். ஆகவே வரியின் நடுவில் எங்கோ 17ஐக் கண்டதும் திகதி என்று பாயாதீர்கள், இடமிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். இவ்வளவும் பக்கத்துக்கு 18 புள்ளி உள்ள சதுரத்துக்குள் அடங்கிவிடும். விலை இதில் இல்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் எனக்குத் திகதி கிடைக்கவில்லை. வாட்சப்பில் வந்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்து, பளபளப்பு விழாமல், சதுரத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் தெரிய நீங்களே நேரடியாக ஸ்கேன் செய்யுங்கள்.

அசலா என்ற கேள்விக்கு இந்தச் சதுரம் தனியே பதில் சொல்லாது. போலிப் பெட்டி அடிப்பவன் இதையும் அப்படியே அச்சடிக்கலாம். சில பெட்டிகளில் 21 என்று தொடங்கும் தனித்தொடர் எண் இருக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு. அதுகூட உற்பத்தியாளரின் பதிவோடு ஒப்பிட்டால்தான் உதவும். பொருளின் எண்ணில் முதல் 0க்குப் பிறகு 890 என்று வருவதும் அந்த எண் இந்தியாவில் பதியப்பட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

உள்ளே குளிசை அட்டையின் ஈயத்தாளிலும் தொகுதி இலக்கமும் திகதியும் குத்தியிருக்கும். ஸ்கேனில் வந்ததோடு ஒத்துப்பாருங்கள். ஒன்று மாறினாலும் அம்மாவுக்குக் கொடுக்காமல், பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போங்கள்.