பாதி வீரம்

கேள்வி: உயிரைக் கொடுத்து உதவு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, சரி. கொஞ்சமாவது உதவு என்று கேட்கக்கூட நமக்கு உரிமை இல்லையா?

பதில்: கொஞ்சமாவதா? வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. முழுக்கச் செய்பவரைக் கும்பிடுகிறோம், ஒன்றும் செய்யாதவரை மன்னித்துவிடுகிறோம். கொஞ்சம் செய்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஜோ ஹார்ட்டன் என்ற தத்துவவாதி 2017-இல் ஒரு கட்டடத்தை இடித்தார், காகிதத்தில்தான். தத்துவவாதிகள் தங்கள் வாதங்களுக்காகக் கற்பனை செய்யும் ஊரில் எந்தக் கட்டடமும் நிலைத்து நிற்பதில்லை. டிராம் வண்டிக்கு 1967-லிருந்து பிரேக் பிடிப்பதில்லை. குளத்தில் 1972-லிருந்து ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வேலி போடலாம் என்று இன்றுவரை எந்தப் பேராசிரியருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் வீட்டுவரி கட்டுபவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

போகட்டும். ஹார்ட்டனின் கட்டடம் இரண்டு குழந்தைகள் மேல் விழப்போகிறது. உங்களுக்கு மூன்று வழிகள்: சும்மா நிற்கலாம், இரு கைகளும் நசுங்க ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம், அதே கைகள் அதே அளவு நசுங்க இரண்டையும் காப்பாற்றலாம். கைகளை இழக்க மனமில்லை என்று நின்றுவிட்டால் பெரும்பாலோர் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கைகளையும் கொடுத்துவிட்டு ஒரு குழந்தையை மட்டும் எடுத்து வந்தால்? மற்றதை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அது தவறு.

இப்போது கூட்டிப் பாருங்கள். சும்மா நிற்பது தவறில்லை, ஒன்றை மட்டும் காப்பது தவறு. அப்படியானால், இரண்டையும் காப்பாற்ற விரும்பாத ஒருவரிடம் ‘பேசாமல் நின்றுவிடு, அந்த ஒரு குழந்தையும் சாகட்டும்’ என்று அறம் சொல்ல வேண்டிவரும். எந்த அறமாவது இப்படிப் பேசுமா?

ஹார்ட்டன் ஒரு வழி காட்டினார். ‘கை போய்விடுமே’ என்பதுதான் உங்களைக் காத்த சாக்கு. ஒரு குழந்தைக்காகவே கையைக் கொடுக்கத் துணிந்துவிட்டால் அந்தச் சாக்கு செத்துவிடுகிறது; அதற்குப் பிறகு இரண்டையும் காப்பது உங்கள் கடமை, சும்மா நிற்பதும் தவறு. இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கையைக் கொடுக்கவே துணியாத கோழைக்குக் கடமை இல்லை, துணிந்தவருக்கு மட்டும் கடமை கூடுகிறது. நல்ல மனசுக்கு விதித்த அபராதம் போல இல்லையா? ஆனாலும் ‘ஒன்றைத் தூக்கினேனே, போதாதா?’ என்பவரை என்னாலும் விட்டுவிட முடியவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செலவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் குழந்தைக்கு ஒரு கை, இரண்டாவதற்கு மற்றொரு கை என்றால் வழக்கே வேறு. ஒரு கையோடு நிறுத்திக்கொண்டவரைப் பார்த்து ‘இன்னொன்று இருக்கிறதே’ என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. மொத்த நன்மை எதில் அதிகமோ அதையே செய்ய வேண்டும் என்னும் பயன்வாதிகளுக்கு மட்டும் வரும். குளத்துக் குழந்தைக்காகச் சட்டை நனைவது கடமை என்று அந்தக் கட்சித் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-இல் எழுதியதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ‘கொஞ்சமாவது’ அந்தச் சட்டை அளவுதான் என்றால் தாராளமாகக் கேளுங்கள், அதட்டியே கேளுங்கள். அவர் அத்தோடு நின்றாரா? இதற்குமேல் கொடுத்தால் பெறுபவரைவிட நமக்கே கேடு அதிகம் என்ற எல்லைவரை கொடுத்துக்கொண்டே போகச் சொல்லும் வாதத்தையும் முன்வைத்தார். இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கும் அந்தக் கட்சிக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாயிற்று.

பாதியில் நிற்பதன் விபரீதத்தைக் காட்டக் கட்டடம் இடியவே வேண்டாம், எலும்பு மஜ்ஜை தானம் போதும். தானம் தருகிறேன் என்று முன்வருவது யாருக்கும் கடமை இல்லை. 1978-இல் பென்சில்வேனியாவில் ஒரு நோயாளி, மஜ்ஜை தர மறுத்த உறவினர்மேல் வழக்குப் போட்டார். மறுத்தது அறத்துக்கு அடுக்காது என்று நீதிபதி கண்டித்தார். ஆனாலும் கொடு என்று உத்தரவிட மறுத்துவிட்டார்.

ஆனால் கொடையாளர் சம்மதித்துவிட்டார் என்று வையுங்கள். மாற்று மஜ்ஜை செலுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நோயாளிக்குக் கடும் மருந்து ஏற்றத் தொடங்குவார்கள், சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அவருடைய சொந்த மஜ்ஜை அதில் அழிந்துபோகும். அந்த நேரத்தில் கொடையாளர் ‘மனசு மாறிவிட்டது’ என்றால், முன்வராமலே இருந்தவரைவிடப் பெரிய கேடு செய்தவராகிறார். அவரை நம்பித்தானே அந்த உடம்பை வெறுமையாக்கினார்கள்! சட்டப்படி அப்போதும் அவரை யாரும் படுக்கவைத்து ஊசி குத்த முடியாது. அதனால்தான், விலகுவதானால் மருந்து தொடங்கும் முன்பே விலகிவிடுங்கள் என்று கொடையாளரிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.