ப்ராஜெக்ட் தேடும் கணித மாணவருக்கு: ஒரு வலையை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள்

தம்பி, பி.எஸ்சி. கணிதத்தோடு டேட்டா வேலைக்குப் போக எந்த ப்ராஜெக்ட் உதவும் என்று கேட்டிருந்தீர்கள். பாடத்தில் படித்த ஐகன் வெக்டரை வைத்தே, ஒரு நட்பு வலையை இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள்.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் நோட்டில் இரண்டு முக்கோணங்கள் வரையுங்கள்: 1-2-3, 4-5-6. நடுவில் 3-ஐயும் 4-ஐயும் ஒரு கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு நபர், கோடு நட்பு. இதை 6×6 அணியாக எழுதுங்கள்: மூலைவிட்டத்தில் ஒவ்வொருவரின் இணைப்பு எண்ணிக்கை, இணைந்த இருவருக்கு −1, மற்ற இடங்களில் 0. இதுதான் லாப்லாசியன் அணி. இதன் மிகச்சிறிய ஐகன் மதிப்பு எப்போதும் 0. அதன் வெக்டரில் எல்லோருக்கும் ஒரே எண் என்பதால் பயனில்லை. அடுத்தது சுமார் 0.438. அதன் வெக்டர் 1, 1, 0.56, −0.56, −1, −1. குறியைப் பார்த்தாலே குழு தெரிகிறது.

ஏன் இப்படி? மதிப்புகளின் கூட்டுத்தொகை 0 ஆகவும், அளவு மாறாமலும் இருக்கும்போது, இணைந்தவர்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களின் வர்க்கத்தொகையை மிகக் குறைப்பது இந்த வெக்டர்தான். அதனால் நெருக்கமானவர்கள் அருகருகே மதிப்பு பெறுகிறார்கள். இணைப்பு மெலிந்த இடத்தில் குறி மாறுகிறது. செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் பெயரில் இதை ஃபீட்லர் வெக்டர் என்பார்கள்.

அப்புறம் நிஜத் தரவு. மானிடவியலாளர் வேய்ன் ஸக்கரி 1977-இல் வெளியிட்ட கராத்தே கிளப் வலையில் 34 பேர், 78 இணைப்புகள். பயிற்சியாளருக்கும் தலைவருக்கும் சண்டை வந்து கிளப் உண்மையிலேயே உடைந்தது. அதனால் உங்கள் விடையைச் சரிபார்க்க முடியும்.

```python
import networkx as nx, numpy as np
G = nx.karate_club_graph()
L = nx.laplacian_matrix(G, weight=None).toarray()
w, v = np.linalg.eigh(L)
f = v[:, 1]
```

`eigh` மதிப்புகளை ஏறுவரிசையில் தரும். `eig` அப்படித் தராது, அதில் இரண்டாவது நெடுவரிசையை எடுத்தால் வேறு வெக்டர் கிடைக்கலாம். `w[1]`-உம் 0-க்கு அருகில் வந்தால் வலை ஏற்கெனவே துண்டாகிக் கிடக்கிறது என்று அர்த்தம். மொத்தக் குறியும் தலைகீழாக வந்தால் பயப்படாதீர்கள், பிரிவு அதேதான்.

இனி நேர்காணலில் மதிப்பு தரும் பகுதி. `f`-இன் குறியைப் பார்த்துப் பிரித்தால் 3-ஆம், 9-ஆம் உறுப்பினர்கள் தலைவர் பக்கம் விழுவார்கள். நிஜத்தில் இருவரும் பயிற்சியாளரோடு போனவர்கள். (பைத்தான் 0-இலிருந்து எண்ணுவதால் `f[2]`, `f[8]` பாருங்கள்.) மூன்றாமவரின் மதிப்பு 0-க்கு மிக அருகில், சுமார் 0.02 அளவில்தான் இருக்கும். அவருக்கு இரண்டு பக்கமும் நண்பர்கள், அதனால் இந்த முறைக்கே தயக்கம் வருகிறது. ஒன்பதாமவர் கதை வேறு. கறுப்பு பெல்ட் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்ததால் அவர் பயிற்சியாளரை விடவில்லை என்று ஸக்கரி எழுதியிருக்கிறார். அந்தக் காரணம் அணியில் எங்குமே இல்லை. ரிப்போர்ட்டில் இந்த இருவருக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்குங்கள்.