தப்பான கணக்கு 'Validated' ஆகிவிட்டது: இந்திய வருமான வரி ரீஃபண்ட் கிளம்பும் முன் மாற்றுவது எப்படி?

மொரீஷியஸின் எபெனிலிருந்து ஒருவர்: வெளிநாட்டில் இருக்கிறவங்க இந்திய வருமானத்துக்கு வைக்கிற என்ஆர்ஓ கணக்குல டெபாசிட் வட்டி 3,60,000 ரூபாய். இந்தியாவில் வேறு வருமானம் இல்லை. வங்கி 31.2 சதவீதம் பிடித்ததில் 1,12,320 திரும்ப வரணும். ஐடிஆர்-2 போட்டு இ-வெரிஃபையும் பண்ணியாச்சு. இப்பத்தான் கவனிச்சேன், காலேஜ் காலத்து சேமிப்புக் கணக்கை validate பண்ணி, ரீஃபண்டுக்கும் அதையே டிக் பண்ணியிருக்கேன். அதைத் தொட்டு மூணு வருஷம் ஆகுது. பணம் இன்னும் கிளம்பலை.

கணக்காளர்: முதலில் `e-File` → `Income Tax Returns` → `View Filed Returns` போய் நிலையைப் பாருங்கள். செயலாக்கம் முடியவில்லை என்று இருந்தால் கையில் அவகாசம் இருக்கிறது.

பழைய கணக்கை இப்போது தொடாதீர்கள். `My Profile` → `My Bank Account` பக்கத்தில் என்ஆர்ஓ கணக்கைப் புதிதாகச் சேருங்கள். கணக்கு வகை கேட்கும் இடத்தில் சேமிப்பு என்று விட்டுவிடாமல் என்ஆர்ஓவைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஃப்எஸ்சியைப் போட்டதும் வங்கியும் கிளையும் தானாக வரும். கிளை பெயர் உங்கள் கிளைதானா என்று பாருங்கள், இணைப்புக்குள்ளான வங்கிகளில் பழைய குறியீடு செல்லாது. சில நேரம் உடனே `Validated` ஆகிவிடும். இல்லாவிட்டால் 10, 12 வேலை நாள் வரை பொறுங்கள். ஆனதும் அதற்கு `Nominate for Refund` பொத்தானை இயக்குங்கள். அதன் பிறகே பழைய கணக்கின் பொத்தானை அணையுங்கள்.

இது பாதி வேலைதான். கணக்கு இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. ஒன்று உங்கள் புரொஃபைல், இன்னொன்று நீங்கள் அனுப்பிய ரிட்டர்னுக்குள் இருக்கும் வங்கிப் பட்டியல். புரொஃபைலை மாற்றியதால் ரிட்டர்னுக்குள் இருப்பது மாறாது. அனுப்பிய ஐடிஆர் பிடிஎஃப்பை இறக்கி, எந்தக் கணக்குக்கு எதிரே ரீஃபண்ட் டிக் இருக்கிறது என்று பாருங்கள். பழையது மட்டும் இருந்தால், திருத்திய ரிட்டர்ன் போடுவதற்கான கெடு முடியாதவரை 139(5) பிரிவில் ஒன்று போட்டுவிடுவதே என் யோசனை. தொகைகள் எதுவும் மாற வேண்டாம், வங்கிப் பட்டியலில் டிக் மட்டும் என்ஆர்ஓவுக்கு. முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தேதியும் கேட்கும். இதையும் 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்தால்தான் செல்லும்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: இவ்வளவு எதுக்கு சார்? பழைய கணக்கை Remove பண்ணிட்டா ரீஃபண்ட் தானா புதுசுக்குப் போயிடும். நான் அப்படித்தான் பண்ணேன், வந்துச்சு.

கணக்காளர்: உங்களுக்கு வந்தது உண்மையாக இருக்கலாம். உங்கள் ரிட்டர்னில் இரண்டு கணக்குக்கும் டிக் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பல கணக்குக்கு டிக் போட்டால், அதில் எதற்கு அனுப்புவது என்பதை ரிட்டர்ன்களைச் செயலாக்கும் மையமான சிபிசியே முடிவு செய்யும் என்று ஐடிஆர் படிவக் குறிப்பிலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டவர் அதை நீக்கினால், பணம் போக இடமில்லாமல் ரீஃபண்ட் தோல்வியடையவும் கூடும். நீக்குவது அவசரமே இல்லை, பணம் வந்தபின் செய்துகொள்ளலாம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அவரே: ரெண்டுக்கு டிக் போட்ட ஞாபகம் எனக்கு இல்லை. பிடிஎஃப் எடுத்துப் பார்க்கிறேன்.

குவாத்ர் போர்னிலிருந்து ஒருவர்: ஒரு இலக்கம் தப்பா அடிச்சு, வேற யாரோ ஒருத்தர் கணக்கு validate ஆகிப் பணம் அங்கே போயிடுமோன்னு தூக்கம் வரலை அண்ணா.

கணக்காளர்: தூங்குங்கள். வங்கியில் உள்ள பானும் பெயரும் உங்கள் பானோடு ஒத்துப்போகிறதா என்றுதான் தளம் கேட்கிறது. அந்நியர் கணக்கில் உங்கள் பான் இருக்காது, ஆகவே அது தோல்விப் பட்டியலில் விழும். 'தப்பான கணக்கு' என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் validate செய்திருப்பது தங்கள் சொந்தக் கணக்கைத்தான். ஆளில்லாமல் கிடப்பது, மூடப்போவது, வெளிநாடு போன பிறகும் என்ஆர்ஓவாக மாற்றாமல் விட்டது என்று ஏதாவது ஒன்று. 'Validated' என்பது பான் பொருந்துகிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் கணக்கிலிருந்து உங்களால் பணம் எடுக்க முடியும் என்று அது சொல்லவில்லை.

எபெனிலிருந்து முதலாமவர்: அப்போ என் பழைய கணக்குக்கே வந்துட்டா என்ன ஆகும்?

கணக்காளர்: இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயல்படாக் கணக்கு ஆகிவிடும். அதற்கு வரும் பணத்தை வங்கி ஏற்றுக்கொண்டால், உங்கள் கேஒய்சி புதுப்பிக்கும்வரை எடுக்க முடியாமல் அங்கேயே கிடக்கும். இதுதான் சிக்கலான நிலை, ஏனென்றால் தளத்தைப் பொறுத்தவரை ரீஃபண்ட் தந்தாகிவிட்டது, மறுபடி கேட்க வழியில்லை. வங்கி திருப்பி அனுப்பினால் உண்மையில் உங்களுக்கு நல்லது. `Refund failed` என்று காட்டும், அப்போது `Services` → `Refund Reissue` போய், சரிபார்க்கப்பட்ட என்ஆர்ஓவைத் தேர்ந்தெடுத்து இ-வெரிஃபை செய்தால் முடிந்தது. தோல்வி என்று காட்டும் முன் இந்த வழி திறக்காது.

டர்பனிலிருந்து ஒருவர்: தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் தர்ற ரீஃபண்டுக்கும் இதே மாதிரி validate பண்ணணுமா?

கணக்காளர்: இல்லை, இங்கே பேசுவது இந்திய வருமான வரித் தளம் ஐயா. சார்ஸில் வங்கி விவரத்தை இஃபைலிங்கில் RAV01 படிவத்தில் மாற்றுவார்கள். அது வேறு கதை.

போர்ட் லூயியிலிருந்து ஒருவர்: எனக்கு ஆதார் இல்லை. திருத்திய ரிட்டர்னை எப்படி இ-வெரிஃபை பண்றது? வெரிஃபை பண்ற குறியீடான இவிசி பழைய கணக்குலதான் இருக்கு.

கணக்காளர்: இவிசி ஒரு நேரத்தில் ஒரே கணக்கில்தான் இயங்கும். புதியதில் இயக்கினால் பழையதிலிருந்து மாற்றட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லலாம். ஆனால் வங்கியில் உள்ள மொபைல் எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சென்னை எண், மறுபக்கம் 230-ல் தொடங்கும் மொரீஷியஸ் எண் என்றால் கணக்கு `Validated` ஆகும், இவிசி மட்டும் வராது. அப்படியானால் புதியதில் இவிசி வரும்வரை பழையதில் இருப்பதை அணைக்காதீர்கள், அதைக் கொண்டே வெரிஃபை செய்துவிடலாம். ரீஃபண்ட் பொத்தானும் இவிசியும் தனித்தனி.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒருவர்: நான் ரிட்டர்ன் அனுப்பினேன், இன்னும் வெரிஃபை பண்ணலை. எனக்கும் திருத்திய ரிட்டர்னா?

கணக்காளர்: வேண்டாம். வெரிஃபை ஆகாத ரிட்டர்னுக்கு `Discard` இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு, சரியான கணக்கோடு புதிதாகப் போடுங்கள். கடைசித் தேதி தாண்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள். தாண்டிய பின் கழித்தால், புதியது தாமத ரிட்டர்ன் ஆகி அபராதத்தையும் கூட்டிவரும். தாண்டியிருந்தால் கழிக்காமல் வெரிஃபை செய்துவிட்டு, பிறகு திருத்துங்கள்.

எபெனிலிருந்து முதலாமவர்: என்ஆர்ஓ Validated ஆயிடுச்சு, nominate பண்ணிட்டேன். பிடிஎஃப்ல பழையது மட்டும்தான் இருக்கு. புரொஃபைல் மாத்தினதே போதும்னு என் ஆடிட்டர் அடிச்சுச் சொல்றார்.

கணக்காளர்: அப்படிப் போனவர்களுக்குப் பணம் சரியாக வந்ததும் உண்டு, பழைய கணக்குக்கே போனதும் உண்டு. எது முந்தும் என்று அடித்துச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. 1,12,320 ரூபாய்க்காக நான் திருத்திய ரிட்டர்னே போடுவேன். செயலாக்கம் அதனால் தள்ளிப்போகலாம், அதைப் பொறுக்க முடியாதவர் உங்கள் ஆடிட்டர் வழியில் போகலாம். போகிறவர், பழைய கணக்கின் கிளைக்கு எழுதி கேஒய்சியைப் புதுப்பித்து வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அவரே: பிடிஎஃப் பார்த்தேன் சார். ஒரே கணக்குதான் டிக், நான் நீக்கின கணக்கு. ஆனா பணம் புதுசுக்குத்தான் வந்திருக்கு.

கணக்காளர்: அப்படியானால் என் ஊகம் தப்பு. நீக்கிய தேதியும், செயலாக்கம் முடிந்ததும் வரும் 143(1) அறிவிப்பு வந்த தேதியும் சொல்லுங்கள், எது முன்னால் என்று பார்ப்போம்.