நண்பனின் மீன்பிடிப் படகு எஞ்சின் போய் நடுக்கடலில் நின்றால் என் படகால் இழுத்து வரலாமா? கயிறு எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம்?

இழுக்கலாம். திறந்த கடலில் நைலான் கயிறு நூறு மீட்டர் பக்கம் விடுங்கள், வேகம் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் இந்த இரண்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். எதற்காக அந்த எண் என்று தெரிந்தால்தான் கடல் மாறும்போது நீங்களும் மாற்ற முடியும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய கப்பல்களை இழுக்கும் டக் படகின் மாஸ்டர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு வேலைப் படகை ஓட்டும் சேராங். "ஸ்டீல் வயர் எங்கே, ஐந்நூறு மீட்டர் எங்கே" என்று பெரிய கப்பல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் இழுப்பது பல ஆயிரம் டன் பார்ஜ், எஞ்சின் இல்லாத தட்டையான சரக்குப் படகு. அங்கே வயரின் எடையே தண்ணீருக்குள் வளைந்து தொங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எங்கள் அளவுப் படகில் அந்த எடைக்கு வழியில்லை. கயிறு ரப்பர் மாதிரி நீண்டு கொடுப்பதுதான் அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு டிசம்பரில் நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று. சிங்கப்பூருக்குக் கிழக்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு ஃபைபர் படகு கியர்பாக்ஸ் போய் மிதக்கிறது என்று எங்களுக்கு அழைப்பு வந்தது. சுமார் 12 மீட்டர் நீளம், 12 டன் இருக்கும். நாங்கள் போவதற்குள் படகுக்காரரின் நண்பர் ஒருவர் தன் படகால் இழுத்துப் பார்த்துவிட்டார். இருபது மீட்டர் டைனீமா கயிறு. இப்போது எல்லோரும் பெருமையாக வாங்கி வைக்கிறார்களே, விரல் தடிமனில் லாரியைத் தூக்கும், ஆனால் நீளவே நீளாது என்று சொல்லலாம், அதுதான். கயிறு அறுபடவில்லை. முன்தளத்தில் கயிறு கட்டும் கொம்பான கிளீட் திருகோடு பிய்ந்து, இழுத்த படகின் கேபின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

"கிளீட் மட்டமான சரக்கு" என்று படகின் முதலாளி தவுக்கே கத்திக்கொண்டிருந்தார். கிளீட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. கணக்கு இதுதான்: பின்னால் வரும் படகு அலையில் சறுக்கி முன்னால் வருகிறது, கயிறு தொய்கிறது. அடுத்த நொடி முன்படகு முன்னே பாய்கிறது, கயிறு வெடுக்கென்று விறைக்கிறது. அந்தத் திடீர் இழுப்பைத்தான் வெட்டு என்கிறோம். அந்தக் கணத்தில் இரண்டு படகுக்கும் வேக வித்தியாசம் வெறும் இரண்டு நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டன் படகுக்கு, 20 மில்லிமீட்டர் நைலான் நூறு மீட்டர் இருந்தால் வெட்டு அரை டன்னுக்குள் அடங்கும். அதே நைலான் இருபது மீட்டர் என்றால் ஒரு டன். டைனீமா இருபது மீட்டர் என்றால் எட்டு டன் வரை போகும். எல்லாம் தோராயம்தான், கால்குலேட்டரோடு வராதீர்கள். ஆனால் விகிதம் மாறாது: கயிறை நான்கு மடங்கு நீட்டினால் வெட்டு பாதியாகும், வேக வித்தியாசம் இரண்டு மடங்கானால் வெட்டும் இரண்டு மடங்காகும். ஃபைபர் தளத்தில், அடியில் பலகை கொடுக்காமல் திருகிய கிளீட்டுக்கு எட்டு டன் எங்கே தாங்கும்? பலமான கயிறு வாங்கினால் அடுத்து எது பலவீனமோ அது பிய்யும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது இது. முன் கிளீட் போய்விட்டதால், நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் இருந்த கிளீட்டுகள் எல்லாவற்றுக்கும் சுமை பகிர்கிற மாதிரி படகைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, முன்னால் அந்தக் கயிற்றின் இரண்டு கையும் சேரும் இடத்தில் நைலானை மாட்டினோம். நங்கூர வின்ச்சில் கட்டுகிறவர்கள் உண்டு, அது இந்தப் பக்கவாட்டு வெட்டுக்குச் செய்ததில்லை. கயிறு விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றினோம். எங்கள் பக்கம் கயிறு கட்டும் தூணான பிட்டில் சுற்றுதான், முடிச்சு இல்லை. பக்கத்தில் கோடரி. கயிறு பக்கவாட்டில் போய் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தால் நொடியில் விட வேண்டுமே.

நீளத்தை எப்படி முடிவு செய்தோம்? அன்று அலை முகடுகள் ஆறு நொடிக்கு ஒன்று வந்தன. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். அதில் இரண்டு அலை தள்ளிப் பின்படகு வர வேண்டும் என்று 110 மீட்டர் விட்டோம். இரண்டும் ஒரே நேரத்தில் முகட்டில் ஏறி ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கினால் வேக வித்தியாசம் குறையும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் அதுதான் மோசம். நொடியை எண்ணி உட்கார வேண்டாம், கயிறைப் பாருங்கள். நடுப்பகுதி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வந்தால் சரி. முழுதும் வெளியே வந்து, பிழிந்த துணி மாதிரி தண்ணீர் தெறித்தால் சுமை அதிகம். ஐந்து மீட்டர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், இல்லை வேகத்தை இறக்குங்கள்.

திரும்பும் வழியில் அலை பின்னாலிருந்து வந்தது, அதுதான் தலைவலி. பின்படகு அலையில் சறுக்கி எங்களைத் துரத்துவதும், கயிறு தொய்வதும், பிறகு வெட்டுவதும். அதன் பின்னால் இரண்டு பழைய டயரைக் கயிற்றில் கட்டி இழுபட விட்டோம், சறுக்கல் அடங்கியது. வேகம் நான்கரை. நண்பர் முன்பு ஏழில் இழுத்தாராம். ஐந்திலிருந்து ஏழுக்குப் போனாலே தண்ணீரின் எதிர்ப்பு இரண்டு மடங்குக்குக் கிட்டே வந்துவிடும், வெட்டு அதற்கு மேல். அந்தப் படகில் இருந்தவர்களை எல்லாம் பின்தளத்துக்குப் போகச் சொன்னோம். பின்பக்கம் கனமானால் படகு அங்கும் இங்கும் திரியாது, கயிறு அறுந்து பாய்ந்தால் அடியும் படாது. ஒருவர் முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், நான்கு தடவை கத்த வேண்டியிருந்தது.

இருபத்து நான்கு கடல் மைல். முன்னிரவில் கிளம்பிச் சாங்கி வரும்போது விடிய இன்னும் வெகு நேரம் இருந்தது.    

கரைக்கு வரும்போது செய்ய வேண்டியது வேறு. அலை அடங்கிய இடத்தில், நெரிசலுக்கு முன்பே, கயிறை முப்பது மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். அங்கே வெட்டு இருக்காது, நீளம்தான் ஆபத்து. நடுவில் ஒரு லாஞ்ச் புகுந்துவிடும். இரவில் பின் விளக்குக்கு மேல் மஞ்சள் விளக்கு போடுங்கள், வி.எச்.எஃப் ரேடியோவில் சொல்லிவிடுங்கள். துறைக்குள் பின்படகைப் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொள்வது உத்தமம். அதற்காக வேகத்தைக் குறைக்கும்போது ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். உங்கள் எஞ்சின் நின்றாலும் 12 டன் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு பிரேக் இல்லை. தொய்ந்த கயிறு உங்கள் புரொப்பெல்லரில் சுற்றினால் இழுக்க மூன்றாவது படகு தேட வேண்டும். ஒரு ஆள் கயிறை அள்ளிக்கொண்டே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.