மார்பகத்தில் தடுக்கும் மாத்திரை கருப்பையைத் தூண்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாகத் தினமும் டமாக்சிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறேன். போன வாரம் லேசாக இரத்தம் பட்டது. ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு 11 மி.மீ. தடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரைதானே இது? நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு துளி இரத்தம் பட்டாலும், டமாக்சிஃபென் எடுப்பவருக்கு உட்சவ்விலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது அவசியம்.

ஈஸ்ட்ரோஜன் தனியாக எதையும் செய்வதில்லை. அது செல்லுக்குள் இருக்கும் ஏற்பிப் புரதத்தில் பொருந்தியதும், அப்புரதத்தின் 12-ஆவது சுருள் மடங்கி, ஒரு பள்ளத்தைத் திறந்தபடி விடுகிறது. அங்கே துணைப் புரதங்கள் வந்து ஒட்டியதும் செல் வளரத் தொடங்குகிறது. டமாக்சிஃபெனும் அதே ஏற்பியில்தான் பொருந்துகிறது. ஆனால் அதன் நீண்ட பக்கச் சங்கிலி 12-ஆவது சுருளைத் தள்ளி அந்தப் பள்ளத்தையே மூடவைப்பதால், மார்பகச் செல்லில் தூண்டும் புரதங்களுக்கு இடமில்லாமல் போய், அடக்கும் புரதங்கள் வந்து சேர்கின்றன. கருப்பையின் உட்சவ்வில் நிலைமை வேறு. அங்கே தூண்டும் துணைப் புரதங்கள் மிகுதியாக இருப்பதாலும், ஏற்பியின் மற்றொரு பகுதி இந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் இயங்குவதாலும், அதே மாத்திரை ஈஸ்ட்ரோஜனைப் போலவே வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது. மருந்து ஒன்றுதான், அது சேரும் செல்லின் புரதக் கூட்டம்தான் வேறு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ரலாக்ஸிஃபென் கருப்பையை இப்படித் தூண்டுவதில்லை. ஆனால் ஏற்கெனவே வந்த மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் அதை டமாக்சிஃபெனுக்கு மாற்றாகத் தருவதில்லை.

11 மி.மீ. என்ற அளவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். டமாக்சிஃபென் எடுப்பவர்களில் உட்சவ்வுக்கு அடியிலுள்ள திசுவில் சிறு நீர்ப்பைகள் உருவாகி, ஸ்கேனில் சவ்வே தடித்ததுபோலத் தெரிவது வழக்கம். அதனால்தான் இரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதில்லை. உங்களுக்கோ இரத்தம் பட்டிருக்கிறது. ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் உள்ளே நேரில் பார்த்துத் திசு எடுப்பதே சரி. பெரும்பாலும் சாதாரண பாலிப்பாகவோ தீங்கற்ற தடிப்பாகவோதான் இருக்கும். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், டமாக்சிஃபென் எடுத்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 3 பேருக்குக் கருப்பைப் புற்று வந்தது. எடுக்காதவர்களில் அது ஒன்றுக்கும் சற்றுக் குறைவு.

சோதனையில் தீங்கில்லை என்று தெரிந்தால் மாத்திரையைத் தொடர்வதா, லெட்ரோசோல் போன்ற மருந்துக்கு மாறுவதா என்று புற்றுநோய் மருத்துவருடன் பேசுங்கள். லெட்ரோசோல் கருப்பையைத் தூண்டாது. ஆனால், மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போல நின்று காப்பதும் டமாக்சிஃபென்தான் என்பதால், மாறும்போது அந்தக் காப்பு போய்விடும். எனவே மாறுவதற்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.